தேவகோட்டைக் கடை நிஜமாகவே நஷ்டமா? கிளை வாரி லாபத்தைக் கணக்கிட மூன்று வழிகள்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஆச்சி என் அலுவலகத்துக்கு வந்தார். காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறார்கள், தேவகோட்டையில் ஒரு கிளை, அப்புறம் கல்யாண வீடுகளுக்கும் வெளியூர்க் கடைகளுக்கும் ஆர்டர் எடுத்துச் செய்து அனுப்புகிறார்கள். "தம்பி, தேவகோட்டைக் கடை மாசம் பத்தாயிரம் நஷ்டம்னு பையன் சொல்றான். மூடிரலாமா?" என்று கேட்டார். மகன் எக்செல்லில் போட்ட ஒரு தாளையும் நீட்டினார். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தத் தாளை நம்பிக் கடையை மூடியிருந்தால், குடும்பத்துக்கு மிஞ்சுகிற லாபத்தில் முக்கால் பங்கு போயிருக்கும்.

இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்திருக்கிறார்கள். இரண்டு கிளை வைத்திருக்கும் மருந்துக் கடைக்காரர், ஆத்தங்குடிக் கல்லும் செங்கல்லும் சேர்த்து விற்பவர், கண்டாங்கிச் சேலையும் ரெடிமேடும் வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் குழப்பம் ஒன்றுதான். எந்தக் கிளை, எந்தச் சரக்கு உண்மையில் சம்பாதிக்கிறது என்று பார்க்க மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமான பதில் தரும். எதை எப்போது நம்புவது என்பதைத்தான் ஆச்சியின் கடையை வைத்துச் சொல்லப் போகிறேன். யாருடைய கடை என்று தெரியக்கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றி, முழு எண்ணாக்கி இருக்கிறேன்.

## முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, இந்தக் கணக்கை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்பது. கிளையை மூடுவதா, விலையை ஏற்றுவதா, கிளை மேலாளருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதா? மூன்றுக்கும் ஒரே லாப எண் உதவாது.

இரண்டாவது, அந்த எண்ணுக்குக் கிளையில் இருப்பவர் பொறுப்பேற்க முடியுமா என்பது. அவர் கையில் இல்லாத செலவை அவர் தலையில் எழுதினால் அடுத்த மாதமே அந்தத் தாளை ஓரம் வைத்துவிடுவார்.

மூன்றாவது, ஏட்டில் ஏறாத செலவு இதில் வெளியே வருகிறதா என்பது. சொந்தக் கட்டடத்துக்கு வராத வாடகை, சம்பளம் வாங்காமல் கல்லாவில் உட்காரும் தம்பி, கடனுக்குப் போன சரக்கில் முடங்கிய பணம் எல்லாம் இந்த வகை.

நாலாவது, மாதா மாதம் இதைச் செய்து முடிக்க உங்கள் கணக்கருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஆறு மாதத்தில் கைவிடப்படும் கணக்கால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு Ind AS 108 என்ற கணக்கியல் தரம் இருக்கிறது. மொத்த வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் பிரிவைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது போன்ற விதிகள் அதில் உண்டு. நம் ஊர்க் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் தரத்துக்கு ஏற்ற மாதிரி தாளை வடிவமைக்க வேண்டியதில்லை, நம் முடிவுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

## ஆச்சியின் கடைக் கணக்கு

ஒரு சராசரி மாதம் இப்படி இருக்கிறது. சமையற்கட்டு காரைக்குடியில் ஒன்றுதான். மூன்று பிரிவுக்கும் சரக்கு அங்கிருந்துதான் போகிறது.

| | காரைக்குடிக் கடை | தேவகோட்டைக் கடை | ஆர்டர் | மொத்தம் |
|---|---|---|---|---|
| விற்பனை | 8,00,000 | 4,00,000 | 4,00,000 | 16,00,000 |
| அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு | 4,40,000 | 2,20,000 | 2,00,000 | 8,60,000 |
| மொத்த லாபம் | 3,60,000 | 1,80,000 | 2,00,000 | 7,40,000 |
| அந்தந்தப் பிரிவின் சொந்தச் செலவு | 1,10,000 | 1,10,000 | 1,30,000 | 3,50,000 |
| சொந்த லாபம் | 2,50,000 | 70,000 | 70,000 | 3,90,000 |

சொந்தச் செலவு என்பது அந்தப் பிரிவு இல்லாவிட்டால் நின்றுபோகும் செலவு. தேவகோட்டைக்கு அது கடை வாடகை 25,000, இரண்டு விற்பனைப் பெண்களும் ஒரு மேலாளரும் சேர்ந்து 60,000, மின்சாரம் 10,000, வேன் 15,000. ஆர்டருக்கு அட்டைப் பெட்டியும் ஓலைப்பெட்டியும், பார்சல் கட்டணம், முகூர்த்த நாட்களில் கூடுதலாகக் கூப்பிடும் ஆட்கள், வழியில் நொறுங்கிப்போகும் சரக்கு.

இவை போக மூன்றுக்கும் பொதுவாக 3,20,000 செலவாகிறது. சமையற்கட்டு ஆட்களின் சம்பளம் 2,30,000, சமையற்கட்டின் மின்சாரமும் பராமரிப்பும் 40,000, அலுவலகச் செலவு 35,000, வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி 15,000. எல்லாம் போகக் குடும்பத்துக்கு மிஞ்சுவது 70,000. இந்த 3,20,000ஐ என்ன செய்வது என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன.

## முறை 1: மொத்த லாபத்தோடு நிறுத்திக்கொள்வது

விற்ற விலையிலிருந்து சரக்கின் விலையைக் கழித்துவிட்டு அங்கேயே நிறுத்துவது. பெரும்பாலான கடைகளில் இதுதான் நடக்கிறது. பில்லிங் மென்பொருளே எடுத்துக் கொடுத்துவிடும், கணக்கருக்குத் தனி வேலை எதுவும் இல்லை.

மேலே இருக்கும் கணக்கை இந்தக் கண்ணால் பார்த்தால் ஆர்டர்தான் ராஜா. நூறு ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் மிஞ்சுகிறது, கடைகளில் நாற்பத்தைந்துதான். ஆச்சியின் மகன் இரண்டு வருடமாக ஆர்டரைப் பெருக்கிக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம். பெட்டி, பார்சல், கூடுதல் ஆள், அறுபது நாள் கடன் எதுவுமே இந்தக் கணக்கில் வராது.

ஆனாலும் இதைத் தூக்கிப்போட வேண்டாம். கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டு கடைக்கும் சரக்கு ஒரே விலையில் போகிறது, விற்கும் விலையும் ஒன்று. அப்படியிருக்க ஒரு கடையில் மொத்த லாபம் 45லிருந்து 41 சதவீதத்துக்கு இறங்கினால், பில் போடாமல் சரக்கு போகிறது, அல்லது தள்ளுபடி கட்டுமீறுகிறது, அல்லது பழைய சரக்கு தங்கிச் சிக்கு வாடை அடித்துக் குப்பைக்குப் போகிறது. வாரம் ஒருமுறை இந்தச் சதவீதம் ஒன்றைப் பார்த்தாலே போதும்.

இதில் மறைந்திருக்கும் ஒரு ஓட்டையைச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையிலிருந்து திரும்பி வரும் பழைய சரக்கைச் சமையற்கட்டின் கணக்கிலேயே கழித்துவந்தார்கள். அதனால் கிளை மேலாளர் தேவைக்கு மேல் கேட்டு வாங்கி அடுக்கினார். நிறைந்த அலமாரி வியாபாரத்துக்கு நல்லதுதான், மிச்சமானால் நஷ்டம் அவருடையது இல்லையே. திரும்பி வருவதைக் கிளையின் கணக்கிலேயே எழுத ஆரம்பித்த பிறகு அவர் கேட்கும் அளவு தானாகச் சரியானது.

எப்போது இது போதும்: ஒரே மாதிரிக் கடைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட, வாராந்திரக் கண்காணிப்புக்கு. மூடுவது, பெருக்குவது போன்ற முடிவுக்கு இது மட்டும் போதாது.

## முறை 2: சொந்த லாபம் வரை பார்ப்பது

மொத்த லாபத்திலிருந்து அந்தப் பிரிவின் சொந்தச் செலவை மட்டும் கழிப்பது. பொதுச் செலவு 3,20,000ஐப் பிரிக்காமல் கடைசியில் மொத்தமாக வைப்பது. ஒவ்வொரு பிரிவும் அந்தப் பொதுக் குடத்துக்கு எவ்வளவு ஊற்றுகிறது என்பதே கேள்வி.

தேவகோட்டை மாதம் 70,000 ஊற்றுகிறது. அதை மூடினால் அந்த 70,000 போகும். பதிலுக்கு என்ன மிச்சம் என்று ஆச்சியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். சமையற்கட்டில் ஒரு உதவியாளைக் குறைக்கலாம், 15,000. அந்தக் கடையில் தங்கும் சரக்குக்கான வட்டி 2,000. மற்றபடி மாஸ்டர் வேண்டும், அடுப்பு வேண்டும், கணக்கர் வேண்டும். ஆக 70,000 போய் 17,000 மிஞ்சும். எல்லாம் போகக் குடும்பத்துக்கு மிஞ்சுவதும் 70,000த்திலிருந்து 17,000க்கு வந்து நிற்கும். ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடி கூட்டிப் பார்த்தார்.

கிளை மேலாளரை மதிப்பிடவும் இந்த முறைதான் நியாயம். வாடகையைத் தவிர மற்ற எல்லா வரியும் ஓரளவு அவர் கையில் இருக்கிறது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்தியபோது, முதலாளி இங்கே இருக்க, அங்கே ஏஜெண்ட் மூன்று வருடத் தவணையில் கடையை நடத்தினார். கடைக்குத் தனி ஏடு, தவணை முடிவில் கணக்கு ஒப்படைப்பு, சம்பளத்துக்கு மேல் லாபத்தில் ஒரு பங்கு என்று ஏற்பாடு இருந்தது. தன் கடை ஏட்டில் இருப்பதற்கு அவர் பதில் சொன்னார். லாப மையம் என்று இன்று மேலாண்மைப் படிப்பில் சொல்வதன் சாரம் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

இந்த முறையிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு.

முதலாவது, ஏட்டில் இல்லாத செலவு. காரைக்குடிக் கடை குடும்பத்தின் சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது, வாடகை என்ற வரியே கிடையாது. அதே தெருவில் அந்த அளவு இடம் மாதம் 60,000க்குப் போகிறது. அதை எழுதினால் 2,50,000 என்பது 1,90,000 ஆகிறது. அப்போதும் அதுதான் முதலிடம், ஆனால் தேவகோட்டையோடு ஒப்பிடும்போது இருந்த தூரம் கொஞ்சம் குறைகிறது. குடும்பத்துக்கு மிஞ்சும் 70,000த்தில் 60,000 உண்மையில் கட்டடம் சம்பாதிக்கும் பணம், பலகாரம் சம்பாதிப்பது 10,000 என்பதும் அப்போதுதான் தெரிந்தது. செட்டிநாட்டில் பல வியாபாரம் பூர்வீகக் கட்டடத்தில் நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வாடகையை வருமான வரிக் கணக்கில் எழுதக் கூடாது. கிளை ஒப்பீட்டுத் தாளில் மட்டும் வர வேண்டும்.

இரண்டாவது, எல்லாப் பிரிவும் சொந்தச் செலவைத் தாண்டிவிட்டது என்ற திருப்தி. மூன்றும் சேர்ந்து 3,20,000ஐத் தாண்டவில்லை என்றால் ஒவ்வொன்றும் லாபத்தில் இருந்தும் வியாபாரம் நஷ்டத்தில்தான் இருக்கும். இந்த முறையை மட்டும் வைத்து விலை போட்டால், "செலவுக்கு மேல் ஏதோ வருகிறதே" என்று விலையை விட்டுக்கொடுத்துக்கொண்டே போவோம்.

எப்போது இது சரி: கிளையை வைத்திருப்பதா மூடுவதா, வாடகை ஏற்றத்தைத் தாங்குமா, மேலாளருக்கு என்ன ஊக்கத்தொகை. உழைப்பும் குறைவு. செலவைப் பதியும்போதே கிளைப் பெயரைக் குறித்தால் போதும்.

## முறை 3: பொதுச் செலவையும் பங்கிடுவது

இதைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இருக்கும் தூரம் மிகப் பெரியது.

### விற்பனை விகிதத்தில்

ஆச்சியின் மகன் செய்தது இதுதான். விற்பனை 50, 25, 25 சதவீதம். எனவே 3,20,000ஐ 1,60,000, 80,000, 80,000 என்று பிரித்தார். காரைக்குடிக்கு 90,000 லாபம், தேவகோட்டைக்கும் ஆர்டருக்கும் ஆளுக்கு 10,000 நஷ்டம்.

ஐந்து நிமிட வேலை, அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் விற்பனை செலவை உண்டாக்குவதில்லை. மாஸ்டரின் நேரமும் அடுப்பும்தான் உண்டாக்குகின்றன. இதில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு கிளை நன்றாக விற்றால் அதற்குப் பொதுச் செலவு கூடுகிறது, சும்மா இருந்த கிளைக்குக் குறைகிறது. தன் விற்பனை கூடாமலே தன் லாபம் ஏறியதைப் பார்த்த மேலாளருக்கு அந்தத் தாளில் என்ன மரியாதை இருக்கும்?

நான் இந்த வழியை யாருக்கும் சொல்வதில்லை. முதல் முறையில் குறை இருந்தாலும் அது எதைக் காட்டவில்லை என்று நமக்குத் தெரியும். இது முழுமையான கணக்கு போலத் தோன்றிக்கொண்டே தப்பான முடிவைக் கையில் கொடுக்கிறது.

### உபயோகத்தின் விகிதத்தில்

பொதுச் செலவில் ஒவ்வொரு வரியையும், அதை உண்மையில் யார் உபயோகித்தார்கள் என்று பார்த்துப் பிரிப்பது. ஆச்சியின் கடையில் சமையற்கட்டுதான் பெரிய செலவு, எனவே அதை மட்டும் சிரத்தையாக அளந்தோம். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். எந்தச் சரக்கு, எத்தனை கிலோ, எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது, யாருக்குப் போகிறது. ஒரு சாதாரண வாரமும் ஒரு முகூர்த்த வாரமும் எழுதினார்கள். நோட்டின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, ஆனால் எண்கள் தெளிவாக இருந்தன. சமையற்கட்டு நேரத்தில் காரைக்குடிக்கு 40 சதவீதம், தேவகோட்டைக்கு 20, ஆர்டருக்கு 40.

விற்பனையில் கால் பங்கு இருக்கும் ஆர்டர், நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. காரணம் கை முறுக்கு, சீப்புச் சீடை, அதிரசம், மனோகரம் என்று சீர் வரிசைக்கு வேண்டியது எல்லாம் கைவேலை. வட்டியை முடங்கிய பணத்தின்படியும், அலுவலகச் செலவைப் பில், ரசீது எண்ணிக்கையின்படியும் பிரித்தோம்.

| | காரைக்குடி | தேவகோட்டை | ஆர்டர் |
|---|---|---|---|
| சொந்த லாபம் | 2,50,000 | 70,000 | 70,000 |
| சமையற்கட்டு (2,70,000) | 1,08,000 | 54,000 | 1,08,000 |
| அலுவலகம் (35,000) | 15,000 | 8,000 | 12,000 |
| வட்டி (15,000) | 3,000 | 2,000 | 10,000 |
| மிஞ்சுவது | 1,24,000 | 6,000 | −60,000 |

அதே வியாபாரம், அதே மாதம். முதல் முறையில் ராஜாவாக இருந்த ஆர்டர் இங்கே 60,000 பள்ளத்தில் இருக்கிறது. மகன் உடனே "அப்ப ஆர்டரை நிறுத்திடலாமா அண்ணே?" என்றார். நிறுத்தினால் சொந்த லாபம் 70,000 போகும். மூன்று ஆட்களைக் குறைத்தால் 55,000, வட்டியில் 10,000 மிச்சம். ஆக 5,000 குறையத்தான் செய்யும். பங்கிட்ட கணக்கில் நஷ்டம் என்று வந்தால் அது மூடச் சொல்லும் அறிவிப்பு இல்லை. அந்த வேலைக்கு நாம் போட்ட விலை சரியில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

அதனால் மாற்றியது விலையையும் நிபந்தனையையும். கைவேலைச் சரக்குக்கு விலை ஏற்றினார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம் முன்பணம் என்றார்கள். வெளியூர்க் கடைகளுக்கு அறுபது நாள் கடன் முப்பதானது. இரண்டு வெளியூர்க் கடைகள் விலகின, கல்யாண வீடுகள் ஒன்றும் விலகவில்லை.

மறைந்த செலவு இந்த முறையில் உழைப்புதான். நோட்டை மாதா மாதம் எழுதச் சொன்னால் மூன்றாம் மாதம் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினாலும் தோராயமாகக் கிறுக்குவார்கள். வருடத்துக்கு இரண்டு முறை இரண்டிரண்டு வாரம் அளந்து, அந்த விகிதத்தை ஆறு மாதத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். சின்னச் செலவுகளை நுணுக்கிப் பிரிக்கவும் வேண்டாம். தொலைபேசிக் கட்டணத்தை மூன்றாகப் பிரிக்க அரைமணி நேரம் செலவழிப்பது வீண்.

எப்போது இது சரி: விலை போட, கடன் நிபந்தனை வைக்க, எந்தச் சரக்கைப் பெருக்குவது என்று யோசிக்க.

## சரக்கு வாரியாகப் பார்க்கும்போது ஒரு திருப்பம்

கிளைக்குச் சொன்னது சரக்குக்கும் பொருந்தும், ஆனால் ஒரு படி கூடுதலாகப் போக வேண்டும். கை முறுக்கையும் தேன்குழலையும் எடுத்துக்கொள்வோம்.

கை முறுக்கு கிலோ 420க்கு விற்கிறது, சரக்குச் செலவு 130, மிச்சம் 290. தேன்குழல் 320, சரக்குச் செலவு 140, மிச்சம் 180. சுற்றுவதிலிருந்து எடுப்பது வரை ஒரு கிலோ கை முறுக்குக்கு ஒரு ஆளின் ஒரு மணி நேரம் போகிறது. அச்சில் பிழியும் தேன்குழல் அதே ஒரு மணி நேரத்தில் நாலு கிலோ வந்துவிடுகிறது. மணிக்கு 80 ரூபாய் கூலி என்று வைத்தால் முறுக்கில் 210 மிஞ்சும், தேன்குழலில் 160. கூலியைக் கழித்த பிறகும் முறுக்குதான் மேல்.

சாதாரண நாட்களில் அது உண்மை. ஆனால் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் ஆள் கிடைக்காது. அப்போது பற்றாக்குறை கிலோ இல்லை, மணி. கூலி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அதை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சரக்குச் செலவு போக என்ன வருகிறது என்று பார்த்தால் முறுக்கு 290 தருகிறது, தேன்குழல் நாலு கிலோவுக்கு 720. அந்த மூன்று வாரம் கடைக்கு முறுக்கு அளவாகவும் தேன்குழல் தாராளமாகவும் போட்டால் அதே ஆட்களோடு லாபம் கூடும். சீர் ஆர்டரில் மட்டும் இதைச் செய்ய முடியாது. வரிசைத் தட்டில் கை முறுக்கு இல்லாமல் அனுப்பினால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே சரக்கைத் தனித்தனியாகப் பார்க்காமல் வரிசை முழுவதையும் ஒன்றாகப் பார்த்து விலை சொல்ல வேண்டும்.

## சமையற்கட்டிலிருந்து கடைக்கு என்ன விலையில் அனுப்புவது

மூன்று முறைக்கும் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. நிஜச் செலவிலேயே அனுப்பினால் சமையற்கட்டில் கருகிய ஈடும், விலை கூடின எண்ணெயும் கிளையின் லாபத்தைத் தின்னும். விற்கும் விலையை ஒட்டி அனுப்பினால் சமையற்கட்டுக்கு லாபம் வரும், ஆனால் கிளையில் விற்காமல் இருக்கும் சரக்கிலும் அந்த லாபம் ஒளிந்திருக்கும். மொத்தக் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும், கழிக்க மறப்பார்கள்.

நான் சொல்வது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு ஒரு நிர்ணய விலை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அந்த விலைக்கு மேல் ஆனால் சமையற்கட்டு பதில் சொல்லட்டும், கிளையைத் தொட வேண்டாம். ஒரே மாநிலத்துக்குள் ஒரே ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் கிளைக்கு அனுப்பினால் அது விற்பனை ஆகாது, வரி வராது. டெலிவரி சலான் போட்டு அனுப்பலாம். எனவே இந்த விலை நம் உள்கணக்குக்கு மட்டும்தான்.

## டேலியில் எப்படி வைப்பது

கிளைக்கு ஒரு தனி கம்பெனி திறந்துவிடுகிறார்கள் சிலர். ஒரே ஜிஎஸ்டி பதிவை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிடும். ஒரே கம்பெனியில் `F11` அழுத்தி `Enable Cost Centres` என்பதை `Yes` ஆக்கினால் போதும். பெயரில் `Cost` இருந்தாலும் விற்பனையையும் அதில் பிரிக்கலாம், அப்போது அதுவே லாப மையம் ஆகிவிடுகிறது. விற்பனை, கொள்முதல், வாடகை, சம்பளம் என்று எல்லா வரவு செலவு லெட்ஜர்களிலும் `Cost centres are applicable` என்பதையும் `Yes` ஆக்க வேண்டும். கிளைக்கு ஒரு `Cost Category`, சரக்கு வகைக்கு இன்னொன்று என்று வைத்தால் ஒரே தொகை இரண்டு வழியிலும் பிரிந்து தெரியும்.

பொதுச் செலவுக்கு "பொது" என்ற பெயரில் ஒரு மையம் திறந்து வையுங்கள். பதியும்போதே பிரிக்காதீர்கள். பிரிப்பது மாதக் கடைசியில் எக்செல்லில் நடக்கட்டும், விகிதம் மாறினால் பழைய வவுச்சர்களைத் தொட வேண்டியிருக்காது.

மாதா மாதம் ஒரு சோதனை கட்டாயம். சரக்கிருப்பு வித்தியாசம் நீங்கலாக, எல்லா மையத்தின் கூட்டுத்தொகையும் `Profit & Loss` தொகையோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் எங்கோ ஒரு வவுச்சர் மையம் இல்லாமல் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் மின்கட்டணமோ, ரொக்கத்தில் கொடுத்த வேன் வாடகையோதான் அது.

ஒற்றை மாதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆர்டர் படுத்துவிடும். தையிலும் ஆவணியிலும் நிமிரும். பன்னிரண்டு மாதமும் ஒரே வரிசையில் இருந்தால்தான் ஒரு பிரிவு இறங்குகிறதா, வெறும் பருவமா என்று தெரியும்.

## ஒரே பார்வையில்

| | மொத்த லாபம் | சொந்த லாபம் | விற்பனை விகிதப் பங்கீடு | உபயோகப் பங்கீடு |
|---|---|---|---|---|
| தேவகோட்டை | 1,80,000 | 70,000 | −10,000 | 6,000 |
| ஆர்டர் | 2,00,000 | 70,000 | −10,000 | −60,000 |
| உழைப்பு | இல்லை | குறைவு | மிகக் குறைவு | வருடம் இருமுறை அளவு |
| நல்ல பயன் | கசிவு, வாராந்திரக் கண்காணிப்பு | மூடுவதா வைப்பதா, மேலாளர் மதிப்பீடு | இல்லை | விலை, கடன் நிபந்தனை |

ஒரு கடைதான், ஒரு வகைச் சரக்குதான் என்றால் முதல் முறையோடு நிறுத்தலாம். இரண்டு கிளை வந்ததும் இரண்டாவது முறையை மாதா மாதம் வையுங்கள். பொதுவான சமையற்கட்டோ பட்டறையோ இருந்து, பொதுச் செலவு சொந்தச் செலவுக்கு நிகராக வளர்ந்துவிட்டால் உபயோகப் பங்கீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் கடையில் பொதுச் செலவு 3,20,000, சொந்தச் செலவு 3,50,000. அந்த அளவுக்கு வந்த பிறகு அளக்காமல் இருக்க முடியாது.

இந்தத் தை மாதம் தேவகோட்டைக் கடையின் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. கட்டடக்காரர் 35,000 கேட்டார். உபயோகப் பங்கீட்டில் போட்டால் கடை 4,000 நஷ்டத்துக்குப் போகிறது. மகன் இந்த முறை அந்த வரியில் நிற்கவில்லை. சொந்த லாபம் 60,000, மூடினால் மிச்சமாவது 17,000 என்று அவரே எழுதி அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்தார். ஆச்சி தாளைப் பார்த்துவிட்டு, 33,000க்குப் பேசி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.